மூன்று நாளில் ஒன்பது மணி நேரம்

குடும்பத்தோடு தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் போகலாம் என்று பேச்சு எடுத்தால் போதும், அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வளர ஆரம்பித்துவிடும். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் அப்பா போடுவது. சுவாமிமலை, திருநாகேஸ்வரம், உப்பிலியப்பன், சார்ங்கபாணி, கும்பேஸ்வரர் எல்லாம் பாட்டியின் கணக்கு. கல்லணையும் அரண்மனையும் பிள்ளைகளுக்காக. பாத்திரக் கடை, புடவைக் கடை என்று அம்மா இரண்டு சேர்ப்பார். வெள்ளி காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம். மூன்று முழு நாள் இருக்கிறதே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

இந்தப் பட்டியலை நாளாகப் பிரிக்காமல் மணி நேரமாகப் பிரித்துப் பார்த்தால் நிலைமை வேறு. சென்னை தாம்பரத்திலிருந்து வாடகை இன்னோவாவில் கிளம்பும் ஆறு பேர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், யுகேஜி பையன். காலை 6.30 முதல் இரவு 9.30 வரை விழித்திருக்கும் நேரம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 15 மணி, மூன்று நாளைக்கு 45 மணி. இதில் சாலையில் போவது 16 முதல் 17 மணி. சாப்பாடு, காபி எல்லாம் சேர்த்து 8.30 மணி. குளியல், மூட்டை கட்டுவது, மதியத் தூக்கம், எதிர்பாராத தாமதம் இவற்றுக்கு 11 மணி. இடங்களைப் பார்க்க மிஞ்சுவது வெறும் 9 மணி நேரம்.

ஆகவே எத்தனை இடம் பார்க்கலாம் என்பதைவிட, இந்த 9 மணியை எந்தெந்த இடத்துக்குக் கொடுக்கலாம் என்று கேட்பதுதான் சரி. ஒரு பெரிய கோயிலை நின்று பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். அப்படியானால் பெரிய இடம் நான்கு, சிறியது ஒன்று. பட்டியலில் இருக்கும் மற்றவை அடுத்த முறைக்கு.

நடை சாத்தும் நேரம்தான் அச்சு

இந்தப் பக்கத்துப் பயணத்துக்குத் தனி இலக்கணம் ஒன்று உண்டு. கோயில்கள் காலையில் திறந்து பகல் 12, 12.30 வாக்கில் நடை சாத்தும். மறுபடி திறப்பது மாலை 4 மணிக்குத்தான். இரவு 8, 8.30 வரை இருக்கும். கோயிலுக்குக் கோயில் கால் மணி, அரை மணி முன்பின் இருக்கலாம். ஆனால் நடுப்பகல் நான்கு மணி நேரம் மூடியிருக்கும் என்பது ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

பெரும்பாலான குடும்பத் திட்டங்கள் உடைவது இங்கேதான். காலையில் சாவகாசமாகக் கிளம்பி, 11.40-க்குக் கோயில் வாசலை அடைந்து, செருப்பு விட்டு உள்ளே ஓடினால், திரை போட்டிருப்பார்கள். பிறகு நான்கு மணி வரை என்ன செய்வது என்று தெரியாமல் வெயிலில் காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதைத் தலைகீழாகப் போட வேண்டும். மூடியிருக்கும் அந்த நான்கு மணி நேரத்தில்தான் சாப்பாடு, தூக்கம், ஊர் விட்டு ஊர் போவது மூன்றையும் வைக்க வேண்டும். காலை 7 முதல் 11.30 வரையும் மாலை 4 முதல் 7.30 வரையும் பார்ப்பதற்கு மட்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அதனதன் இடத்தில் உட்காரும்.

முதல் நாள்: விடியற்காலையில் ஏன் கிளம்பக் கூடாது

வெளியூர்ப் பயணம் என்றாலே காலை நாலு மணிக்குக் கிளம்புவது நம் வீடுகளில் எழுதாத சட்டம். இந்தப் பயணத்தில் அது நஷ்டம். நாலு மணிக்குக் கிளம்பினால், சிற்றுண்டிக்கு நின்று போக, கங்கைகொண்ட சோழபுரத்தை 11 மணிக்கு அடைவீர்கள். நடை சாத்த ஒரு மணி நேரம்தான் இருக்கும். கால் சுடும். விடுதியில் அறை பெரும்பாலும் 12 மணிக்கு மேல்தான் கிடைக்கும். இரவு சரியாகத் தூங்காத பையன் மதியத்திலிருந்து அழ ஆரம்பித்தால் மாலையும் போச்சு.

எட்டரை மணிக்குக் கிளம்புங்கள். வீட்டில் இட்லி சாப்பிட்டாயிற்று, எல்லோரும் முழுத் தூக்கம் தூங்கியாயிற்று. திண்டிவனம் பக்கத்தில் 20 நிமிடம் காபிக்கும் கழிவறைக்கும். விக்கிரவாண்டியில் திருச்சி சாலையை விட்டுப் பிரிந்து பண்ருட்டி, நெய்வேலி, வடலூர் வழியாகப் போகும் சாலை. வடலூர் பக்கம் ஒரு மணிக்குச் சாப்பாடு. இரண்டு மணிக்குக் கிளம்பினால் சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி தாண்டி மூன்றரைக்கெல்லாம் கங்கைகொண்ட சோழபுரம். அரை மணி கையிருப்பு. வழியில் சாலை வேலையோ டயர் பஞ்சரோ வந்தால் அந்த அரை மணி ஈடு கொடுக்கும். ஒன்றும் வரவில்லையென்றால் வாசலில் இளநீர்.

இங்கே ஒரு கணக்கு. செல்போன் வரைபடம் காட்டும் நேரம் ஓட்டுநர் தனியாக ஓட்டினால் ஆகும் நேரம். ஆறு பேர் குடும்பத்துக்கு, அதிலும் பெரியவர்களும் குழந்தையும் இருந்தால், அதோடு கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். வரைபடம் நாலரை மணி என்றால் உங்களுக்கு ஐந்தரை மணிக்கு மேல் ஆகும், சாப்பாடு தனி.

கங்கைகொண்ட சோழபுரத்தில் இரண்டு மணி நேரம். ராஜேந்திர சோழன் 11-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் இது. மாலை நாலரை மணிக்கு வெயில் சாய்ந்து சிற்பங்களின் மேல் விழும்போது மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும். நடுப்பகல் உச்சி வெயிலில் அதே சிற்பங்கள் தட்டையாகத்தான் தெரியும். வடக்குப் பக்கப் படிக்கட்டை ஒட்டி, சிவன் சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றும் சிற்பத்துக்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சுற்றிலும் புல்வெளி இருப்பதால் பையன் ஓடட்டும். சிங்க வாயில் வழியாக இறங்கும் கிணறு அவனுக்குப் பிடிக்கும்.

ஆறு மணிக்குக் கிளம்பினால் அணைக்கரை வழியாக ஏழு மணிக்குக் கும்பகோணம். அறை, குளியல், எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்குப் படுக்கை. “ராத்திரி சும்மா ஒரு கோயில் பார்த்துட்டு வரலாமே” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். வேண்டாம். நாளைக் காலை ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள்: தூங்குவதும் திட்டம்தான்

காலை ஏழு மணிக்குத் தாராசுரம். கும்பகோணத்திலிருந்து கால் மணி நேரம்கூட ஆகாது. டிகிரி காபி குடித்துவிட்டு, பையனுக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பினால், சிற்றுண்டியைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில் இது. அண்ணாந்து பார்க்கும் பிரமாண்டம் பெரிய கோயிலுடையது. தாராசுரமோ குனிந்து பார்க்க வேண்டியது. சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் போன்ற மண்டபம், விரற்கடை அளவுச் சிற்பங்கள், ஒரே தலையை மறைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் காளையாகவும் மறுபக்கம் யானையாகவும் தெரியும் உருவம். ஏழாம் வகுப்பு மகளிடம் “அந்தக் காளை-யானை எங்கே இருக்குன்னு நீயே கண்டுபிடி” என்று விட்டால் ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது. மழைக்காலம் என்றால் கோயில் தாழ்வில் இருப்பதால் தண்ணீர் தேங்கி நிற்கலாம். பெரியவர்களுக்கு அது வழுக்கும்.

எட்டே முக்காலுக்குச் சிற்றுண்டி, பிறகு மூட்டை கட்டி அறையைக் காலி செய்ய முக்கால் மணி. பத்தரை மணிக்குச் சுவாமிமலை.

இங்கேதான் குடும்பத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாட்டிக்கு முருகனைப் பார்க்காமல் வர மனம் வராது. பிள்ளைகளுக்கோ, இதற்குள் இரண்டு கோயில் பார்த்த அலுப்பு. பாட்டியும் அப்பாவும் 60 படி ஏறிக் கோயிலுக்குப் போகட்டும். அம்மாவும் பிள்ளைகளும் ஒரு ஸ்தபதியின் பட்டறைக்குப் போகட்டும். தாத்தாவுக்கு முழங்கால் வலி என்றால் அவரும் பட்டறைப் பக்கம். குங்கிலியம் கலந்த மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டலைப் பூசி, காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் சிலை கைக்கு வரும். ஒவ்வொரு சிலைக்கும் ஒரு மண் அச்சு, ஒரே முறைதான். மறுநாள் அருங்காட்சியகத்தில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இது நினைவுக்கு வரும். முதல் நாளே பட்டறைக்குப் போன் செய்து, வேலை நடக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். உலோகம் ஊற்றுவது தினமும் நடக்காது. மெழுகு வேலையும் சீவும் வேலையும் பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும்.

பதினொன்றரைக்கு இரு பக்கத்தாரும் கார் அருகே கூடிவிட வேண்டும். தஞ்சாவூர் 40 கிலோமீட்டருக்குள்தான் என்றாலும் ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். நடை சாத்தும் நேரம் பயணத்தில் கழிகிறது. பன்னிரண்டே முக்காலுக்கு இலை போட்டுச் சாப்பாடு. தாத்தாவுக்கு ஒரு மணி மாத்திரை தவறாது. இரண்டு மணிக்கு அறை, நான்கு மணி வரை படுக்கை.

இந்த இரண்டு மணி நேரத்தைத்தான் எல்லோரும் முதலில் வெட்டப் பார்ப்பார்கள். “இவ்வளவு தூரம் வந்து தூங்கறதா? கல்லணையைப் பார்த்துட்டு வந்துடலாம்” என்பார் அப்பா. கணக்குப் போடுங்கள். கல்லணை போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி, பார்க்க அரை மணி. மூன்று மணி நேரம் போய்விடும். அதைவிட, இந்தத் தூக்கம் இல்லாவிட்டால் மாலை ஆறு மணிக்குப் பெரிய கோயிலில் பையனைத் தூக்கிக்கொண்டு நிற்கப்போவது அப்பாதான்.

நாலே முக்காலுக்குப் பெரிய கோயில். இந்தப் பயணத்தின் மிக நீளமான நேரம் இதற்கு: இரண்டரை மணி. வெயில் காலத்தில் ஐந்தே கால் வரை பிராகாரத் தரை சுடும். அதுவரை வாயில்களின் நிழலிலும் நந்தி மண்டபத்திலும் நின்று பார்க்கலாம். ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த விமானம், 200 அடிக்கு மேல் உயரம், மாலை வெயிலில் பொன்னிறமாகும். அடிப்பீடம் முழுக்கக் கல்வெட்டு. அதில் மகளைத் தனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். ஆறு மணிக்குத் தரிசனம், பிறகு புல்வெளியில் அரை மணி உட்காருவது. விளக்கு போட்டதும் ஏழேகாலுக்கு வெளியே. அப்படி உட்காரும் அரை மணியையும் திட்டத்தில் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் யாராவது அதற்குள் ஒரு கடையை நுழைத்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள்: திரும்பும் வழியை முதலில் போடுங்கள்

மூன்றாம் நாளைப் பின்னாலிருந்து எழுத வேண்டும். திங்கட்கிழமை பள்ளி, அலுவலகம். இரவு எட்டு, எட்டரைக்குள் வீடு சேர வேண்டும். ஞாயிறு மாலை செங்கல்பட்டு, பரனூர் சுங்கச்சாவடி தொடங்கித் தாம்பரம் வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அதற்கு ஒரு மணி நேரம் தனியாக வையுங்கள். ஓடும் நேரம் ஆறரை மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி, காபிக்கு 20 நிமிடம். எல்லாம் கூட்டினால் காலை பதினொன்றரைக்குத் தஞ்சாவூரை விட்டாக வேண்டும். மதியச் சாப்பாட்டைத் தஞ்சாவூரில் வைத்துக்கொண்டால் கிளம்ப ஒன்றரை ஆகும். வீடு சேர இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். அதனால் சாப்பாடு வழியில், ஒரு மணி வாக்கில்.

ஆகக் காலையில் கிடைப்பது இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அரண்மனை வளாகத்துக்கு அது போதும். ஒன்பது, பத்து மணிக்குத் திறக்கும் கலைக்கூடமும் சரசுவதி மகால் அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கின்றன. கலைக்கூடத்தில் திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவரைத் தவறவிடாதீர்கள். வலக்கை சாய்ந்திருக்க வேண்டிய காளை இப்போது இல்லை. ஆனால் அந்தக் கை இருக்கும் விதத்திலேயே காளை நிற்பது தெரியும். நேற்று மெழுகு உருவத்தைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இதைக் காட்ட அதிகம் பேச வேண்டியதில்லை. இந்த இடங்களின் விடுமுறை நாளையும் மதிய இடைவேளையையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

ஓட்டுநரின் நேரமும் கணக்கில் உண்டு. ஞாயிறன்று அவர் ஏழு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டப்போகிறார். சனி இரவு காரிலேயே படுத்திருந்தால் அது உங்களுக்கு ஆபத்து. பேட்டாவோடு அவருக்குப் படுக்க இடமும் உண்டா என்று அறை போடும்போதே கேளுங்கள்.

திட்டத்தை உடைப்பவை

பெரிய தடங்கலைவிட “போற வழிதானே” என்ற சொல்தான் திட்டத்தை அதிகமாகக் கெடுக்கும். வழியில் இருக்கும் சின்னக் கோயிலுக்குக் கால் மணி நேரம் போதும் என்று தோன்றும். ஆனால் சாலையிலிருந்து திரும்பி வண்டி நிறுத்தக் கால் மணி. ஆறு பேரும் இறங்கி, செருப்பு விட்டு, பூ வாங்கக் கால் மணி. தரிசனம் அரை மணி. சிதறிய குடும்பத்தைக் கூட்டி, கழிவறை போய், வண்டியேறக் கால் மணி. ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. கையில் இருக்கும் 9 மணி நேரத்தில் இது ஏழில் ஒரு பங்கு. புதிதாக ஒன்று சேர்ந்தால் பழையது ஒன்று போக வேண்டும் என்று கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். நேரம் போதாவிட்டால் எதை முதலில் விடுவது என்ற வரிசையும் முன்பே முடிவாகட்டும். இந்தத் திட்டத்தில் முதலில் விடக்கூடியது சுவாமிமலை, அடுத்தது அரண்மனையின் ஒரு பகுதி. சாப்பாட்டு நேரமும் மதியத் தூக்கமும் அந்த வரிசையில் வரவே கூடாது.

நாள் குறிக்கும் முன் காலண்டரில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று பிரதோஷம். அன்று மாலை பெரிய கோயிலில் நந்திக்கு அபிஷேகம், கூட்டம் நெரியும். பாட்டிக்கு அதுதான் வேண்டும் என்றால் நல்லது. சிற்பத்தையும் கல்வெட்டையும் பார்க்க அது நாளல்ல. இரண்டாவது, முகூர்த்த நாள். கும்பகோணத்தில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் கல்யாண வீட்டு மேளத்தோடுதான் விடியும்.

திட்டம் நழுவுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை போதும்: ஒவ்வொரு நாளும் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். ஒன்றேகாலுக்குள் இலை முன் உட்கார்ந்துவிட்டால் நாள் கையில் இருக்கிறது. இரண்டு மணி ஆகிவிட்டால் அன்றைய மாலையிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுங்கள். வேகமாக ஓடி ஈடுகட்டப் பார்க்க வேண்டாம்.

மூன்று நாளும் ஒரு பார்வையில்

முதல் நாள்: 8.30 கிளம்புதல். 1.00 வடலூர் பக்கம் சாப்பாடு. 4.00 முதல் 6.00 வரை கங்கைகொண்ட சோழபுரம். 7.00 கும்பகோணம், அறை. 9.30 தூக்கம்.

இரண்டாம் நாள்: 7.00 முதல் 8.30 வரை தாராசுரம். 10.30 முதல் 11.30 வரை சுவாமிமலை. 12.45 தஞ்சாவூரில் சாப்பாடு. 2.00 முதல் 4.00 வரை ஓய்வு. 4.45 முதல் 7.15 வரை பெரிய கோயில்.

மூன்றாம் நாள்: 9.00 முதல் 11.15 வரை அரண்மனை. 11.30 கிளம்புதல். 1.00 வழியில் சாப்பாடு. இரவு 8.15 வீடு.

காருக்குப் பதிலாக இரவு ரயிலில் போகிறவர்களுக்குக் கணக்கு மாறும். எழும்பூரிலிருந்து தஞ்சாவூர் போகும் உழவன் விரைவு ரயில் இரவில் கிளம்பி விடியற்காலையில் சேர்க்கும். பகலில் சாலையில் போகும் சுமார் 13 மணி நேரம் மிச்சம். ஆனால் அதை அப்படியே கோயில்களுக்குக் கொடுத்துவிட முடியாது. ரயிலில் அரைத் தூக்கம்தான் கிடைக்கும் என்பதால் முதல் நாள் காலை மூன்று மணி நேரம் படுத்தாக வேண்டும். அதற்கு விடியற்காலையிலேயே அறை கொடுக்கும் விடுதி வேண்டும். உள்ளூரில் வாடகை வண்டி பேச, திரும்பும் ரயிலுக்கு முன்கூட்டியே நிலையம் போக என்று இன்னும் மூன்று, நான்கு மணி நேரம் போகும். ஆறேழு மணி நேரம் கூடுதலாகக் கையில் நிற்கும். கல்லணைக்கு மூன்று மணி கொடுத்தது போக, பாட்டியின் பட்டியலிலிருந்து இரண்டு கோயில் சேர்க்கலாம். எந்த இரண்டு என்பதை ரயிலேறும் முன்பே பாட்டி சொல்லிவிட வேண்டும்.